அரக்கு வைக்காத உறை

டெண்டர் திறக்கும் நாள். மணி மூன்றரை. அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றின் கொள்முதல் பிரிவில் நான் வேலை பார்த்த காலம் அது. 120 இரும்புக் கட்டில்கள் வாங்க ஒப்பந்தப்புள்ளி கேட்டிருந்தோம். காகித உறை வேண்டாம், மின்னஞ்சலிலேயே அனுப்பலாம் என்று சொல்லியிருந்தோம். கணினியின் முன்னால் நானும், கணக்குப் பிரிவிலிருந்து சாட்சியாக வந்த ஒருவரும் உட்கார்ந்திருந்தோம். ஏழு நிறுவனங்கள் அனுப்பியிருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பதிவேட்டில் ஏற்றிக்கொண்டே வந்தோம்.

நான்காவது அஞ்சலைத் திறந்ததும் சாட்சி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். அதில் இருந்தது இவ்வளவுதான்: “ஐயா, வணக்கம். டெக்னிக்கல் பிட் இணைத்துள்ளோம். கட்டில் ஒன்றுக்கு 7,850 ரூபாய்தான் போட்டிருக்கிறோம். ஆர்டர் முழுவதும் எங்களுக்கே கொடுத்தால் இன்னும் 2 சதவீதம் குறைத்துத் தருகிறோம்.”

“இவரை வெளியே வைக்கணும் சார்,” என்றார்.

வெளியேதான் வைத்தோம். அந்தப் பட்டறைக்காரர் நல்ல கட்டில் செய்பவர். குழாயின் கனம், வெல்டிங், பெயின்ட் எதிலும் குறை சொல்ல முடியாது. விலையும் அப்படியொன்றும் கூடுதல் இல்லை. இணைப்பாக வந்த நாற்பது பக்கங்களில் ஒரு பிழையும் கிடையாது. ஆளை வீழ்த்தியது இணைப்புகளுக்கு முகப்பாக, மரியாதைக்காக எழுதிய நான்கு வரி.

ஏன் என்று புரிய வேண்டுமானால் இரண்டு கவர் முறை என்பது என்னவென்று தெரிய வேண்டும். பழைய நாளில் டெண்டர் போடுபவர் இரண்டு உறைகள் தயாரிப்பார். ஒன்றில் பொருளின் தரம், அனுபவச் சான்று, பதிவுச் சான்று எல்லாம் இருக்கும். இன்னொன்றில் விலை மட்டும். இரண்டையும் தனித்தனியே ஒட்டி அரக்கு வைத்து, இரண்டும் சேர்த்துப் பெரிய உறை ஒன்றில் போட்டு, டெண்டர் பெட்டியில் சேர்ப்பார். வாங்குபவர் முதலில் தர உறையை மட்டும் திறப்பார். தகுதி இல்லாதவரின் விலை உறை பிரிக்கப்படாமலே திரும்பிப் போகும். விலை தெரிந்துவிட்டால் தரத்தைப் பார்க்கும் கண் கோணிப்போகும் என்பதுதான் இதற்குக் காரணம். குறைந்த விலைக்காரரின் குறைகள் சின்னதாகத் தெரியும், கூடிய விலைக்காரரின் குறைகள் பெரிதாகத் தெரியும். இதில் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, மனித இயல்பே போதும்.

இன்று அரசுத் துறை டெண்டர்கள் பெரும்பாலும் tntenders.gov.in, GeM போன்ற தளங்களில் நடக்கின்றன. அங்கே கோப்புகளை மின்னணுக் கையொப்பத்தோடு ஏற்றிவிட்டால் போதும், விலையைப் பூட்டி வைக்கும் வேலையை அந்தத் தளமே பார்த்துக்கொள்ளும். முகப்பு அஞ்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தனியார் நிறுவனங்கள், அறக்கட்டளைகள், கல்லூரிகள், ஐ.நா. அமைப்புகள் ஆகியவற்றில் இன்னும் மின்னஞ்சல் டெண்டர் உண்டு. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் போன்ற அமைப்புகள் மின்னஞ்சலில் கேட்கும்போது, விலைக் கோப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்பச் சொல்வார்கள். நாங்கள் கேட்கும்வரை கடவுச்சொல்லைத் தராதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கடவுச்சொல்தான் இன்றைய அரக்கு.

பூட்டியது இணைப்பு மட்டும்தான், அதைச் சுமந்து வரும் அஞ்சலுக்குப் பூட்டு கிடையாது. பெட்டியைத் திறந்த நொடியில் அது படிக்கப்படும். அதுவும் தரத்தை மதிப்பிடும் டாக்டரோ பொறியாளரோ அதை முதலில் படிப்பதில்லை. வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது, என்னென்ன வந்தது என்று பதிவேட்டில் ஏற்றுபவர்தான் படிக்கிறார். ஆகவே முகப்பு அஞ்சலைக் கடிதம் என்று நினைப்பதைவிட, உறையின் மேல் எழுதும் மேல்விவரம் என்று நினைப்பதே பொருத்தம். அந்தக் காலத்தில் உறையின் மேல் யாரும் விலை எழுதமாட்டார்கள். எழுதினால் பெட்டியருகே நிற்கும் பியூனே சிரிப்பார். அதே மனிதர் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்ததும், வெறுமனே ‘இணைத்துள்ளேன்’ என்று விட்டால் மரியாதையாக இருக்காதே என்று இரண்டு வரி சேர்க்கிறார்.

அப்படியானால் மேல்விவரத்தில் என்ன இருக்க வேண்டும்? அதே கட்டில் டெண்டரை வைத்து நல்ல அஞ்சல் ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். எண்ணும் தேதியும் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை. கடைசி நேரம் 2025 பிப்ரவரி 14, பிற்பகல் 3 மணி. ஒரு அஞ்சலின் அளவு 10 எம்.பி.க்கு மேல் போகக்கூடாது. இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை 20,000 ரூபாய், டிமாண்ட் டிராஃப்டாக, அசல் நேரில் வந்து சேர வேண்டும்.

முதலில் பொருள் வரி. டெண்டர் ஆவணத்தில் ‘பொருள் வரி இப்படி இருக்க வேண்டும்’ என்று கொடுத்திருந்தால் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நகலெடுக்க வேண்டும். அழகாக்கக் கூடாது. ஒரே பெட்டிக்கு ஒரே வாரத்தில் மூன்று டெண்டர்களின் அஞ்சல்கள் வந்து குவியும். பிரித்தெடுப்பவர் டெண்டர் எண்ணைத் தட்டித்தான் தேடுவார். எண்ணில் ஒரு சாய்கோடு மாறினாலும் தேடலில் அகப்படாமல் போகலாம். கொடுக்கவில்லையென்றால் நாமே இப்படி எழுதலாம்:

```
PUR/COT/2025/17 - Steel Cots - Cover A Technical - Mail 1 of 2
```

கடைசியில் இருக்கும் ‘இரண்டில் ஒன்று’ என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அது இல்லாததால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தரக் கோப்புகளை இரண்டு அஞ்சல்களாகப் பிரித்து அனுப்புவார்கள். ஒன்று வரும், மற்றது வடிகட்டியில் சிக்கிக்கொள்ளும். வந்ததே முழுமை என்று நாங்கள் நினைத்து, சான்றிதழ் இல்லை என்று எழுதி வைப்போம். ‘இரண்டில் ஒன்று’ என்றிருந்தால் இன்னொன்று எங்கே என்று தேடுவோம்.

அடுத்து உடல் பகுதி. தமிழில் சொன்னால் இவ்வளவு போதும்:

“கொள்முதல் அலுவலர் அவர்களுக்கு, வணக்கம். 120 இரும்புக் கட்டில்கள் வழங்குவதற்கான மேற்கண்ட ஒப்பந்தப்புள்ளிக்கு, எங்கள் நிறுவனத்தின் கவர் ‘ஏ’ தொழில்நுட்ப ஆவணங்களை இத்துடன் அனுப்பியுள்ளோம். இந்த அஞ்சலில் உள்ளவை: ஒன்று, கையொப்பமிட்ட ஒப்பந்தப்புள்ளிக் கடிதம், 2 பக்கம். இரண்டு, தொழில்நுட்ப விவரப் படிவம், 6 பக்கம். மூன்று, பதிவு மற்றும் வரிச் சான்றுகள், 5 பக்கம். அனுபவச் சான்றுகளும் வரைபடங்களும் இரண்டாம் அஞ்சலில் வருகின்றன. கவர் ‘பி’ விலைப் படிவம் கடவுச்சொல்லிட்டுத் தனி அஞ்சலில் அனுப்பப்படுகிறது. இ.எம்.டி. டிமாண்ட் டிராஃப்டின் அசல் 11ஆம் தேதி கூரியரில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. அதன் நகல் இரண்டாம் அஞ்சலில் உள்ளது. இது தொடர்பாகப் பேச வேண்டியவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் கீழே உள்ளன. மூன்று அஞ்சல்களும் திறக்கும் நிலையில் கிடைத்தனவா என்று ஒரு வரி தெரிவிக்க வேண்டுகிறோம்.”

அதன் கீழே கையொப்பமிட அதிகாரம் பெற்றவரின் பெயர், பதவி, பதிவுச் சான்றில் இருக்கும் அதே நிறுவனப் பெயர். கடைப் பலகையில் ஒரு பெயரும் ஜி.எஸ்.டி. சான்றில் இன்னொரு பெயரும் இருக்கும் நிறுவனங்கள் நம் ஊரில் ஏராளம். இரண்டும் ஒருவரேதானா என்று விசாரிக்கும் வேலையைத் திறப்பவர் தலையில் கட்டக்கூடாது.

பக்க எண்ணிக்கையை ஏன் சொல்கிறோம்? பதிவேட்டில் ஏற்றுபவர் அதைப் பார்த்துத்தான் டிக் அடிப்பார். ஆறு பக்கம் என்று சொல்லிவிட்டு ஐந்துதான் ஸ்கேன் ஆகியிருந்தால் அங்கேயே தெரியும். அதைவிட முக்கியமான பயன், பட்டியலை எழுதும்போது அனுப்புபவர் தானே ஒவ்வொரு கோப்பையும் திறந்து பக்கத்தை எண்ணிப் பார்ப்பார். கையெழுத்து விட்டுப்போன பக்கம், தலைகீழாக ஸ்கேன் ஆன சான்றிதழ் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கோப்புகளின் பெயரும் பட்டியலின் வரிசையோடு ஒத்துப்போக வேண்டும்: `01_Bid_Letter.pdf`, `02_Technical_Form.pdf` என்று. ‘Scan0043’ என்ற பெயரில் வரும் கோப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஏழு நிறுவனங்களிடமிருந்து எட்டு எட்டாக வந்தால் அறுபதுக்குப் பக்கமாகத் திறக்க வேண்டும்.

விலை இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் விலை நேராக வெளிவருவதைவிடக் கொல்லைப்புறமாக வெளிவருவதுதான் அதிகம். ஒரு முறை விலைக் கோப்பை ஒழுங்காகப் பூட்டி அனுப்பியிருந்தார் ஒருவர். கோப்பின் பெயரிலேயே ‘9.42 லட்சம்’ என்று இருந்தது. அவர் அலுவலகத்தில் மூன்று வரைவுகளைப் பிரித்தறிய வைத்த பெயர் அது. பூட்டு போட்டு, சாவியைப் பூட்டின்மேலேயே ஒட்டியதுபோல ஆயிற்று.

இன்னொரு வழி இன்னும் நுட்பமானது. சில டெண்டர்களில் இ.எம்.டி.யை இத்தனை ரூபாய் என்று நிர்ணயிக்காமல், குறிப்பிடும் மொத்த விலையில் 2 சதவீதம் என்று கேட்டுவிடுவார்கள். அது டெண்டர் எழுதியவரின் தவறு. ஆனால் மாட்டிக்கொள்பவர் போடுபவர். முகப்பு அஞ்சலில் ‘18,840 ரூபாய்க்கான டிராஃப்ட் அனுப்பியுள்ளோம்’ என்று நல்ல பிள்ளையாக எழுதினால், அதை ஐம்பதால் பெருக்கத் தெரிந்த யாருக்கும் 9,42,000 என்ற மொத்த விலை தெரிந்துவிடும். 120 கட்டிலால் வகுத்தால் ஒன்றின் விலையும் வந்துவிடும். இப்படிப்பட்ட டெண்டரில் விளக்கம் கேட்கும் கெடு முடிவதற்குள்ளேயே ‘தொகையை நிர்ணயித்துச் சொல்லுங்கள், அல்லது டிராஃப்டை விலைக் கவரோடு வைக்கலாமா’ என்று எழுத்தில் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் விட்டால் அஞ்சலில் தொகையைச் சொல்லாமல் ‘டிராஃப்ட் அனுப்பப்பட்டது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுகூடப் பாதிப் பாதுகாப்புதான், டிராஃப்ட் வந்து சேரும்போது யாராவது பார்ப்பார்கள். குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்து, இ.எம்.டி. விலக்கு தரும் டெண்டரில் போடுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ‘விலக்கு கோருகிறோம், சான்று மூன்றாம் இணைப்பில்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதாமல் விட்டால் டிராஃப்டைத் தேடிவிட்டு ‘வரவில்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

மூன்றாவது வழி, அஞ்சலின் அடியில் தொங்கும் வால். உள் அலுவலகத்தில் ‘இந்த விலைக்குக் கொடுத்தால் நமக்கு என்ன நிற்கும்’ என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட அஞ்சல்களை அப்படியே முன்னனுப்பி, மேலே ‘இணைப்பைக் காண்க’ என்று சேர்த்துவிடுவார்கள். கீழே நகர்த்திப் பார்த்தால் குழாய் வாங்கிய விலை, லாபம், போட்டிக் கம்பெனி எவ்வளவு போடும் என்ற ஊகம் எல்லாம் இருக்கும். டெண்டருக்கு எப்போதும் புதிய அஞ்சலைத் திறந்துதான் எழுத வேண்டும். பதிலனுப்பவும் கூடாது, முன்னனுப்பவும் கூடாது.

விலையைப் போலவே நிபந்தனையும் உள்ளே வரக்கூடாது. இதைப் பலர் தவறு என்றே நினைப்பதில்லை. டெண்டரில் விலை 90 நாட்களுக்குச் செல்லும் என்று கேட்டிருப்பார்கள். கையொப்பமிட்ட படிவத்திலும் 90 என்றே இருக்கும். முகப்பு அஞ்சலில் மட்டும் ‘இரும்பு விலை ஏறுவதால் 30 நாட்களுக்குள் ஆர்டர் தர வேண்டுகிறோம்’ என்று ஒரு வேண்டுகோள். எழுதியவருக்கு அது வேண்டுகோள்தான். படிப்பவருக்கு எது உண்மை, 90ஆ 30ஆ என்ற குழப்பம். ‘50 சதவீதம் முன்பணம் கிடைத்தால் உதவியாக இருக்கும்’, ‘டெலிவரியை இரண்டு கட்டமாகச் செய்ய அனுமதிக்கவும்’ போன்றவையும் இதே ரகம்தான்.

நம் ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டினுடையது. அதன் 7ஆம் பிரிவு, ஒரு முன்மொழிவை ஏற்பது முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. டெண்டரில் நாம் அனுப்புவதுதான் முன்மொழிவு. வாங்குபவர் அதை அப்படியே ஏற்றால்தான் ஒப்பந்தம். நம் முன்மொழிவிலேயே ஒரு ‘ஆனால்’ இருந்தால் அவர் அந்த ‘ஆனால்’ உட்பட ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் அதே நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலை போட்டிருக்கும்போது ஒருவரின் ‘ஆனாலை’ மட்டும் ஏற்றால் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஆகவே ஒதுக்குவதுதான் சுலபம். சட்டத்தின் கண்ணில் அஞ்சலின் உடலும் முன்மொழிவின் ஒரு பகுதிதான், இணைப்புக்கு மட்டும் மதிப்பு, முகப்புக்கு இல்லை என்று சொல்ல முடியாது. நிபந்தனை வேண்டுமென்றால் அதற்கு டெண்டர் ஆவணத்திலேயே ‘விலகல்கள்’ என்ற படிவம் இருக்கும். அங்கே எழுதுங்கள். அந்தப் படிவம் இல்லையென்றால் விலகலுக்கு இடமில்லை என்று பொருள்.

இதிலும் ஒரு கொல்லைப்புறம் உண்டு. பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு அஞ்சலின் அடியிலும் கணினியே சேர்த்துவிடும் ஒரு பத்தி இருக்கும். ‘இந்த அஞ்சலில் உள்ளவை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது’, ‘விலைகள் முன்னறிவிப்பின்றி மாறக்கூடும்’ என்றெல்லாம் அதில் வரும். விற்பனைப் பிரிவின் நித்திய அஞ்சல்களுக்கு அது பாதுகாப்பு. டெண்டர் அஞ்சலின் அடியில் வந்தால், மேலே ‘இது எங்கள் முன்மொழிவு’ என்று சொல்லி, கீழே ‘இது எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று சொன்னதாகிறது. இதற்காக ஒரு டெண்டரை நாங்கள் ஒதுக்கவில்லை, உண்மைதான். விளக்கம் கேட்டு எழுதி, பதில் வாங்கி, கோப்பில் வைக்க நான்கு நாட்கள் போயின. கறாரான குழுவாக இருந்தால் நான்கு நாள் காத்திருக்காது. அனுப்பும் முன் தன் சொந்த வேறு முகவரி ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்தால்தான் இந்த வால் தெரியும். எழுதும்போது திரையில் அது தெரியாது, வெளியே போகும்போதுதான் ஒட்டிக்கொள்ளும்.

நிறுவனப் பெருமை, முப்பது வருடப் பாரம்பரியம், சேர்மனின் வாழ்த்து, பொங்கல் வாழ்த்துப் படம் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கெடுதல் ஒன்றுமில்லை, யாரும் படிப்பதில்லை. ஆனால் ‘போன வாரம் உங்கள் டாக்டரிடம் பேசியபடி’ என்ற வரி மட்டும் வேறு. டெண்டர் அறிவித்த பிறகு ஒரு போட்டியாளர் உள்ளே இருப்பவரோடு தனியாகப் பேசியிருக்கிறார் என்பதற்கு அவரே எழுதிக் கொடுத்த சாட்சி அது. பேச்சு வெறும் நலம் விசாரிப்பாகக்கூட இருந்திருக்கலாம். தணிக்கைக்காரர் அப்படிப் படிக்கமாட்டார்.

இனி, யாருக்கு அனுப்புவது என்பது. டெண்டரில் கொடுத்த முகவரிக்கு மட்டும். ‘பத்திரமாக இருக்கட்டுமே’ என்று தெரிந்த அதிகாரியின் முகவரிக்கும் ஒரு நகல் போடுவது நம்மவர்களின் பழக்கம். கெடு நேரத்துக்கு முன்பே அவர் அதைத் திறந்து பார்க்க முடியும் என்பதால் அந்த நகலே டெண்டரைக் கெடுத்துவிடலாம். சட்டத்திலும் இதற்கு ஒரு விளைவு உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, 13ஆம் பிரிவு மின்னணு ஆவணம் எப்போது ‘பெறப்பட்டது’ என்று சொல்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, பெறுபவர் ஒரு கணினி வளத்தைக் குறித்துச் சொல்லியிருந்தால், அதற்குள் ஆவணம் நுழையும் நேரமே பெற்ற நேரம். குறித்துச் சொல்லாத வேறு இடத்துக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்க்கும் நேரம்தான் பெற்ற நேரம். அதாவது சரியான முகவரிக்கு 2.50க்கு நுழைந்தால் 2.50. அதிகாரியின் சொந்த முகவரிக்கு 2.50க்குப் போய் அவர் மாலை டீ குடித்துவிட்டு 4 மணிக்குப் பார்த்தால் 4 மணி.

இந்தப் பிரிவை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். நம் திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று தெரியும் நேரம் எதற்கும் உதவாது. நம் கட்டுப்பாட்டைவிட்டு வெளியேறியதற்குத்தான் அது சாட்சி. அவர்கள் பெட்டிக்குள் நுழைந்ததா என்பதுதான் கேள்வி. இடையில் அளவு என்ற கண்டம் இருக்கிறது. மின்னஞ்சல் பழைய காலத்தில் வெறும் எழுத்துகளுக்காகச் செய்த ஏற்பாடு. அதில் கோப்பை அனுப்ப, கோப்பு முழுவதையும் எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். மூன்று பைட் நான்காக ஆகும். ஆக, மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். நம் கணினியில் 8.2 எம்.பி. என்று தெரியும் கோப்பு வழியில் 11 எம்.பி. ஆகிவிடும். 10 எம்.பி. வாசலில் அது நுழையாது. கணக்காகச் சொன்னால் 10 எம்.பி. வரம்புக்கு 7 எம்.பி.க்குள் இணைப்பு இருந்தால் நிம்மதி. நம் எடுத்துக்காட்டில் தரக் கோப்புகளை இரண்டு அஞ்சலாகப் பிரித்தது இதனால்தான். சான்றிதழ்களை 300 டி.பி.ஐ. வண்ணத்தில் ஸ்கேன் செய்யாமல் 150 டி.பி.ஐ. சாம்பல் நிறத்தில் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவுக்குப் பயந்து ‘கூகுள் டிரைவில் ஏற்றியிருக்கிறோம், சுட்டியைச் சொடுக்கவும்’ என்று அனுப்புகிறார்கள். டெண்டரில் வெளிப்படையாக அனுமதித்திருந்தாலன்றி இது கூடாது. சுட்டி கெடு நேரத்துக்குள் வந்துவிடும், அதன் பின்னால் இருக்கும் கோப்பை மூன்றரை மணிக்கும் மாற்றலாம். மாற்றவில்லை என்று நாம் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஜிப் கோப்பைக் கடவுச்சொல்லிட்டு அனுப்புவதும் ஆபத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று வைரஸ் வடிகட்டியால் பார்க்க முடியாததால், பல அலுவலகங்களில் அது சத்தமில்லாமல் தனியே ஒதுக்கப்படும். பூட்டுவதானால் பி.டி.எஃப். கோப்பையே பூட்டுங்கள். பூட்டிய பிறகு வேறொரு கணினியில் அதே கடவுச்சொல்லால் திறந்து பாருங்கள். பூஜ்யமும் ‘ஓ’ எழுத்தும் குழம்பும் கடவுச்சொல் வேண்டாம். அதைத் தாளில் எழுதி உரிமையாளரின் மேஜையில் வையுங்கள். தர மதிப்பீட்டுக்கு ஒரு மாதம் ஆகும், அதற்குள் தட்டச்சு செய்தவர் வேலையைவிட்டுப் போயிருப்பார். இரண்டு நாள் கெடு கொடுத்தும் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க முடியாமல் வெளியேறிய நிறுவனத்தைப் பார்த்திருக்கிறேன்.

அனுப்பிய பிறகு தவறு கண்ணில் பட்டால்? பெரும்பாலான டெண்டர்களில் கெடு நேரத்துக்குள் திருத்தி அனுப்பலாம், விதி அனுமதிக்கிறதா என்று ஆவணத்தில் முதலில் பாருங்கள். அனுமதித்தால், ‘படிவம் மட்டும் திருத்தியது’ என்று ஒரு துண்டை அனுப்பாமல் அந்த அஞ்சலில் இருந்த எல்லாவற்றையும் திரும்ப அனுப்ப வேண்டும். பொருள் வரியின் முன்னால் ‘பதிலீடு’ என்று சேர்த்து, உடலில் “பிப்ரவரி 12, காலை 11.20 மணிக்கு அனுப்பிய கவர் ‘ஏ’ முதல் அஞ்சலுக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளவும், அது திரும்பப் பெறப்படுகிறது” என்று எழுத வேண்டும். ஏன் திருத்தினீர்கள் என்று விளக்க வேண்டாம். இப்படிச் சொல்லாமல் இரண்டு அஞ்சல்கள் வந்தால், ஒரே நிறுவனம் இரண்டு டெண்டர் போட்டதாகி, இரண்டுமே போகும். ‘ரீகால்’ என்ற பொத்தானை நம்ப வேண்டாம். வேறொரு நிறுவனத்தின் பெட்டிக்குள் போய்விட்ட அஞ்சலை அது திரும்ப எடுக்காது. முயன்றோம் என்ற செய்தியைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கட்டில் டெண்டருக்கு வருவோம். வெளியே வைக்கப்பட்டவர் மறுநாள் போன் செய்தார். “விலைக் கவர்ல என்ன போட்டிருக்கேனோ அதைத்தானே சார் மெயில்லயும் எழுதினேன், மாத்தி எழுதலையே?” என்றார். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், திறப்புப் பதிவேட்டின் நகலை அனுப்பிவைத்தேன். அடுத்த ஆண்டு மேஜை, அலமாரிக்கு டெண்டர் விட்டபோது அவரிடமிருந்தும் வந்தது. ஐந்து வரி, பக்க எண்ணிக்கையோடு பட்டியல், ஒரு கைப்பேசி எண். கெடுவுக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்கே வந்துவிட்டது. ‘கிடைத்தது, திறக்கிறது’ என்று அன்றே பதில் போட்டேன்.